வயித்தால போகும்போது: உப்புச் சர்க்கரைத் தண்ணீரிலிருந்து பருப்புச் சோறு வரை

கிடா வெட்டு விருந்தோ, சந்தைக்கடை பானிபூரியோ, ஊருக்குள் சுற்றி வரும் வைரஸோ, பேதிக்குக் காரணம் எதுவானாலும் நம் பக்கத்து வீடுகளில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் கோலி சோடா வாங்கி வருவார், இன்னொருவர் குளுக்கோஸ் பொடியைக் கரைப்பார். பெரியவர்கள் "சோறு போட்டா இன்னும் போகுமுங்க, வயித்தைக் காயப் போடுங்க" என்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பேதி நின்றிருக்கும், ஆனால் நோயாளியால் எழுந்து நடக்க முடியாது. அந்த அசதியில் பாதிக்கு மேல் கிருமி கொடுத்ததல்ல, உப்பும் நீரும் சோறும் போய்ச் சேராததால் வந்தது.

வீட்டில் இப்படி ஒருவரை முதன்முறையாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்காக இது எழுதப்படுகிறது. பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தைகளுக்கு அளவுகள் வேறு, ஆபத்து வரும் வேகமும் வேறு.

முதலில் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று முடிவெடுங்கள்

மலத்தில் ரத்தம், 102 டிகிரியைத் தொடும் காய்ச்சல், நிற்காத கடும் வயிற்று வலி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தும் தங்காத வாந்தி, பேச்சில் குழப்பம் அல்லது எழுப்பினால் சரியாக விழிக்காத மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலறையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக, குடம் குடமாகப் போனால் அது காலராவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கக்கூடியது என்பதால் 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எழுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறோ இதய பலவீனமோ உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்களும் அப்படித்தான். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மெட்ஃபார்மின், சில அழுத்த மாத்திரைகள் ஆகியவை உடல் வறண்டிருக்கும்போது ஆபத்தாகலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இன்சுலினை மட்டும் "சாப்பிடலையே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது

பேதியில் போவது தண்ணீர் மட்டுமல்ல. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் சேர்ந்தே போகின்றன. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். "இவ்வளவு தண்ணி குடிச்சும் தெம்பே வரலை" என்று சொல்கிறவரிடம் என்ன குடித்தார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் கதை.

குடலின் உள்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு மட்டுமே உள்ளே நுழையும் ஒரு வழி இருக்கிறது. இரண்டும் நுழைந்தால் தண்ணீர் பின்னாலேயே போகும். தொற்றின்போது குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. அதனால்தான் உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த தண்ணீர், பேதி ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பில் ஏறுகிறது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அப்போது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காலராவுக்கே தாங்கியது விருந்துச் சாப்பாட்டுப் பேதிக்குத் தாங்காதா என்ன?

கரைசல்: பாக்கெட்டும் கைப்பக்குவமும்

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொடி என்று கேளுங்கள். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் என்பதே அந்தக் கலவை. மருந்து போலவே பெயர் வைத்து, பழச் சுவையில், இனிப்பாக வரும் டெட்ரா பேக் பானங்கள் வேறு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்து வரக் கூடாது என்று உத்தரவிட்டது. இருந்தாலும் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கும் முன் உறையைப் படிப்பது நல்லது.

பாக்கெட்டில் இரண்டு அளவு உண்டு. பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு. பிசகு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்குவது, சிறிய பாக்கெட்டை ஒரு பெரிய சொம்பில் கரைப்பது. முதலாவது கெட்டியாகி குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இரண்டாவது வெறும் தண்ணீருக்குச் சமம். வீட்டுச் சொம்பு எதுவும் சரியாக ஒரு லிட்டர் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அளந்துவிடுங்கள். கரைத்த பிறகு காய்ச்சக் கூடாது, சர்க்கரை சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது.

நடுராத்திரி, கடை இல்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி எடுத்த ஆறு சிறு கரண்டி சர்க்கரை, தலைதட்டி எடுத்த அரை சிறு கரண்டி தூள் உப்பு. சிறு கரண்டி என்பது 5 மில்லி. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கல்லுப்பு வேண்டாம், பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் கரண்டிக் கணக்கு தப்பும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடலாம், ஆனால் கட்டியில்லாமல் உதிர்த்து, தூசி தும்பு வடிகட்டி எடுக்க வேண்டும். வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுவது மேல்.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு: போர்வெல் தண்ணீரை "உப்புத் தண்ணி" என்கிறோமே, "அதுல ஏற்கெனவே உப்பு இருக்கே" என்று உப்பைக் குறைத்துவிடாதீர்கள். அந்தக் கடினம் பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் தருவது. மக்னீசியம் மிகுந்தால் அதுவே வயிற்றை இளக்கும். சிறுவாணியோ காவிரியோ கேனோ, குடிக்கிற நல்ல தண்ணீரைக் காய்ச்சி எடுங்கள்.

மற்ற பானங்களைப் பற்றிச் சுருக்கமாக. கோலா, சோடா, பாட்டில் ஜூஸ், கரும்புச் சாறு எல்லாவற்றிலும் சர்க்கரை எக்கச்சக்கம், உப்பு கிட்டத்தட்ட இல்லை. பேதியை அவை கூட்டும். குளுக்கோஸ் பொடியில் சர்க்கரை மட்டும் இருக்கிறது, ஜோடியில் பாதிதான். பொள்ளாச்சி இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே கரைசலுக்குத் துணையாக ஒன்றிரண்டு குடிக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. சிறுநீரக நோயாளிக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து. சர்க்கரை நோயாளிகள் ஓ.ஆர்.எஸ். என்றால் பயப்படுகிறார்கள். ஒரு டம்ளரில் மூன்று கிராமுக்கும் குறைவாகவே குளுக்கோஸ் இருக்கிறது. வறட்சியால் ஏறும் சர்க்கரையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்த்துக்கொண்டு குடிக்கலாம்.

எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்

விதி இரண்டு. ஏற்கெனவே போனதை நான்கு மணி நேரத்தில் ஈடுகட்ட வேண்டும், இனிப் போவதை அவ்வப்போது ஈடுகட்ட வேண்டும். வறட்சி தெரியும் பெரியவருக்கு முதல் நான்கு மணி நேரத்தில் 2.2 முதல் 4 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வறட்சி இல்லாதவருக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 200 முதல் 250 மில்லி, அதாவது ஒரு டம்ளருக்குச் சற்று மேல் கொடுத்தால் போதும்.

வீட்டில் எடைக்கருவி இருந்தால் ஊகம் தேவையில்லை. ஒரே நாளில் குறைந்த எடை ஏறக்குறைய முழுவதும் நீர்தான், ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். எடைக்கருவி இல்லாதபோது வாய் உலர்ந்திருக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, அது என்ன நிறம் என்று பாருங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது வயதானவர்களிடம் ஏமாற்றும். அவர்கள் தோல் சாதாரண நாளிலேயே மெதுவாகத்தான் படியும்.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரர், வேறு நோய் இல்லை, வழக்கமான எடை 60 கிலோ. ஞாயிறு மதியம் விருந்து, இரவு 11 மணிக்கு ஆரம்பம். திங்கள் காலை 6 மணிக்குள் நான்கு வாந்தி, ஏழு பேதி. வாய் காய்ந்திருக்கிறது, எழுந்தால் லேசாகச் சுற்றுகிறது. ரத்தம் இல்லை, காய்ச்சல் 99.5. எடை 58 கிலோ. ஆக இரண்டு லிட்டர் போயிருக்கிறது.

6 மணிக்கு ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தால் தாகத்தில் ஒரே மடக்கில் குடித்துவிடுவார், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். வாந்தி எடுக்கும் வயிறு அளவைத் தாங்காது, சொட்டுச் சொட்டாகப் போனால் தாங்கும். எனவே கடைசி வாந்திக்குப் பிறகு பத்து நிமிடம் விட்டு, நிமிடத்துக்கு ஒரு சிறு கரண்டி. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கொடுக்க வேண்டிய, சலிப்பான வேலை இது. ஆனால் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி இறங்கிவிடும். 7 முதல் 8 வரை பத்து நிமிடத்துக்கு அரை டம்ளர் வீதம் 600 மில்லி. 8 முதல் 10 வரை இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் 1,200 மில்லி. மொத்தம் 2.1 லிட்டர். இடையில் இரண்டு முறை பேதி போகிறது, அதற்காக 500 மில்லி கூட. நடுவில் வாந்தி வந்தால் மறுபடி பத்து நிமிடம் நிறுத்தி, ஒரு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் ஒரே வாந்தியில் "தங்க மாட்டேங்குது" என்று கைவிட்டு டிரிப் போடக் கிளம்புகிறார்கள். கொடுத்த எல்லாமும் வெளியே வந்துவிடுவதில்லை, அந்தப் பத்து நிமிடப் பொறுமை பல பேரை ஊசியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

9.30க்குச் சிறுநீர் போகிறார், அடர் மஞ்சள். தலை சுற்றல் குறைகிறது. இனி அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

காயப் போடுவது ஏன் தவறு

"சாப்பிட்ட உடனே ஓடுது, அப்படின்னா சாப்பிட்டதுதானே போகுது" என்பதே பட்டினிக்குச் சொல்லும் காரணம். அப்படியல்ல. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் தினமும் நடப்பது. காலை டீ குடித்ததும் பலர் கழிவறைக்குப் போவது அதனால்தான். தொற்றின்போது பெருங்குடலில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது, அது வெளியே வருகிறது. இப்போது சாப்பிட்ட கஞ்சி அப்போது இரைப்பையைக்கூடத் தாண்டியிருக்காது. பட்டினி கிடந்தால் ஓடும் தடவை குறையலாம், ஆனால் கிருமியால் குடல் சுரக்கும் நீர் நிற்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கான சத்தில் கணிசமான பங்கு குடலுக்குள் போகும் உணவிலிருந்தே நேராகக் கிடைக்கிறது. புண்பட்டுத் தேறும் நேரத்தில் அதைக் காயப் போடுவதால் தேறுவது தள்ளிப்போகும். 24 மணி நேரம் திட உணவு கூடாது என்ற பழைய விதியால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. நீர்ச்சத்து சரியானதும் வயதுக்கேற்ற வழக்கமான உணவைத் தொடங்கலாம் என்பது 2017இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய் வல்லுநர்களின் வழிகாட்டி. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே சமயம், பசியே இல்லாதவர் வாயில் திணிக்கவும் வேண்டாம். வாந்தி நிற்காதவரைக்கும் கரைசல் மட்டும் போதும். பெரியவர் உடம்பு அரை நாள் சாப்பாடு இல்லாமல் தாங்கும், அரை நாள் உப்புத் தண்ணீர் இல்லாமல் தாங்காது.

"பத்தியச் சாப்பாடு": எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

அமெரிக்காவில் நெடுங்காலம் வாழைப்பழம், சோறு, ஆப்பிள் மசியல், வாட்டிய ரொட்டி ஆகிய நான்கை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். நம் பக்கத்து நான்கு: ஜவ்வரிசிக் கஞ்சி, அரோரூட் கஞ்சி, ரஸ்க், பால் இல்லாத டீ. இரண்டு பட்டியலிலும் உள்ளவை கெடுதல் இல்லை. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, சோறு சீக்கிரம் செரிக்கிறது. குற்றம் "மட்டும்" என்பதில்தான். ஜவ்வரிசி சேலத்துக் குச்சிக்கிழங்கு மாவு, ஏறக்குறைய தனி மாவுச்சத்து. 50 கிராமைக் காய்ச்சினால் 180 கலோரி கிடைக்கும், புரதம் ஒன்றும் இருக்காது. 60 கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். மூன்று நாள் ஜவ்வரிசியும் ரஸ்க்கும் என்றால் புண்பட்ட குடல் எதை வைத்துப் புதுத்தோல் நெய்யும்?

பழைய அறிவுரையில் சரியாக இருப்பது: முதல் ஓரிரு நாள் எண்ணெய், காரம், முழுத் தானியம், பால் ஆகியவற்றைக் குறைப்பது. எண்ணெய் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, குமட்டலைத் திரும்பக் கூட்டி வரும். மிளகாயின் எரிச்சல் போகும் வழியில் புண்ணில் படும். ராகிக் களி, கம்மங்கூழ், கொள்ளு மசியல் எல்லாம் நார் மிகுந்தவை, மூன்றாம் நாளுக்கு மேல் வரட்டும். பால் விஷயம் தனி. லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடல் தோலின் நுனியில் இருக்கிறது. தொற்றில் முதலில் உதிர்வது அந்த நுனிதான். அதனால் சிலருக்குப் பால் குடித்ததும் வயிறு உப்பி, காற்றும் தண்ணீருமாகப் போகும். தயிரிலும் மோரிலும் லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் ஏற்கெனவே தின்றிருப்பதால் அவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இப்போது நம் தறிக்காரருக்கு வருவோம். திங்கள் 10 மணிக்குப் பருப்புக் கஞ்சி: கால் டம்ளர் அரிசி நொய், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். இறக்கி மசித்து, வற்றியதற்குத் தக்கபடி தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கி, அரை சிறு கரண்டி உப்பு. உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்திருப்பதால் இது உணவு மட்டுமல்ல, நீரேற்றவும் உதவும். முதலில் அரை டம்ளர், அரை மணி கழித்து ஒரு டம்ளர். உப்பில்லாக் கஞ்சி கொடுப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. "நோயாளிக்கு உப்பு ஆகாது" என்பது இந்த நோய்க்கு நேர் எதிர்.

மதியம் 1 மணிக்கு இரண்டு இட்லி, காரமில்லாத பாசிப்பருப்புத் தண்ணி. 4 மணிக்கு ஒரு கதலிப் பழம், உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர். இரவு அரிசியும் பருப்பும் சாதம். ஆம், நம் அரிசியும்பருப்புதான். இதற்காக மூன்று மாற்றங்கள் மட்டும்: தண்ணீரை இரட்டிப்பாக்கிக் குழைய விட வேண்டும், வரமிளகாயை எடுத்துவிட்டுச் சீரகம் மட்டும் போட வேண்டும், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டோடு நிறுத்த வேண்டும். தாளிப்புக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெய் போதும், மேலே நெய் வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு கரண்டிச் சாதம் குறைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாக இன்னொரு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு அளவில் ஐந்தாறு வேளை என்பது குமட்டலுக்கு ஏற்றது. அன்று முழுவதும் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஒரு டம்ளர் கரைசல் தொடர்கிறது.

செவ்வாய் பேதி நான்காகக் குறைகிறது. காலை இட்லியோடு ஓர் அவித்த முட்டை, மதியம் குழைந்த சோறும் தயிரும் அவித்து மசித்த வாழைக்காயும், இரவு சந்தகை. சந்தகைக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம், அதில் கொழுப்பு அதிகம். ரசம் ஊற்றிக்கொள்ளலாம். புதன் இரண்டு முறை, கூழ் பதத்தில். பீன்ஸ், கேரட் பொரியல், கோழி வேகவைத்தது எல்லாம் சேரலாம். வியாழன் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதே அவருக்கும். பள்ளிபாளையம் சிக்கன் மட்டும் அடுத்த ஞாயிறு வரை பொறுத்திருக்கட்டும்.

பேதி முழுவதும் நின்றால்தான் அடுத்த உணவு என்று காத்திருக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு வாந்தி வருகிறதா, வயிறு உப்பி முறுக்குகிறதா, பேதியின் அளவு நேற்றைவிடத் தெளிவாகக் கூடிவிட்டதா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் முன்னே போகலாம். இருந்தால் கடைசியாகச் சேர்த்த உணவை மட்டும் ஒரு நாள் தள்ளிவையுங்கள், மொத்தத்தையும் நிறுத்திக் கஞ்சிக்குத் திரும்ப வேண்டியதில்லை.

மாத்திரை, பால், திரும்ப வரும் பேதி

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது தொடக் கூடாது. குடலின் அசைவை நிறுத்திக் கிருமியை உள்ளேயே தங்கவைத்துவிடும். போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். பெரும்பாலான வயிற்றுப்போக்கு வைரஸால் வருவது, அந்த மாத்திரை வைரஸைக் கொல்லாது, பேதியைக் கூட்டவும் கூடும்.

பால் டீ, காபியை நான்காம் நாள் அரை டம்ளரில் தொடங்கிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். பேதி நின்று, நல்ல தெம்பு வந்தபின், பால் குடிக்கும்போது மட்டும் திரும்ப வந்தால் அது புதுத் தொற்றல்ல, அந்த நொதி இன்னும் வளரவில்லை என்பதே. பாலைத் தொடாமலும் மூன்று நாளில் குறையாத பேதிக்கு மலப் பரிசோதனை தேவைப்படலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோயாளி வீட்டில் சமைக்கிறவராக இருந்தால், பேதியும் வாந்தியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. மெஸ்ஸிலும் கம்பெனி கேண்டீனிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கணக்கு. கைக்கு சானிடைசர் போதாது, நோரோவைரஸ் அதற்குச் சரியாக அடங்காது. சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கரைசல் கலக்கும் பாட்டிலையும் டம்ளரையும் நோயாளிக்கென்று தனியாக வைத்து, தினம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள்.